ஒரே தொகையீட்டுக்கு இரண்டு மென்பொருள்கள் தரும் விடைகள் ஏன் வேறுபடுகின்றன, அவற்றை எப்படி ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஒரே தொகையீட்டை இரண்டு மென்பொருள்களில் போட்டேன். விடைகள் கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. ஏதோ ஒன்று தவறுதானே?"

பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். `sin(x)*cos(x)` என்ற எளிய சார்பை எடுத்துக்கொள்வோம். `u = sin x` என்று பிரதியிட்டால் `sin(x)^2/2` கிடைக்கும். `u = cos x` என்று பிரதியிட்டால் `-cos(x)^2/2` கிடைக்கும். முதலில் இரட்டைக் கோண வாய்பாட்டால் `sin(2x)/2` என்று மாற்றிக்கொண்டு தொகையிட்டால் `-cos(2x)/4` கிடைக்கும். மூன்றையும் வகையிட்டுப் பார்த்தால் தொடங்கிய சார்பே திரும்பி வருகிறது. முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1/2 என்ற மாறிலியும், மூன்றாவதைக் கழித்தால் 1/4 என்ற மாறிலியும் எஞ்சுகின்றன.

பாடப்புத்தகத்தில் நாம் கடைசியில் எழுதும் `+ C` இந்த வேறுபாட்டைத்தான் குறிக்கிறது. மென்பொருள்கள் அந்த C-ஐ எழுதுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கு வசதியான ஒரு மதிப்பை அதற்கு வைத்துவிட்டு, அதை விடையின் உருவத்துக்குள் மறைத்துவிடுகிறது. `(x+1)^2` என்பதற்கு ஒன்று `(x+1)^3/3` என்றும் மற்றொன்று `x^3/3 + x^2 + x` என்றும் விடை தந்தால், முதல் விடைக்குள் 1/3 ஒளிந்திருக்கிறது என்பதை விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் "மாறிலிதானே வேறு" என்று சொல்லி எல்லா வேறுபாட்டையும் தள்ளிவிட முடியாது. கழித்தால் வருவது உண்மையிலேயே மாறிலிதானா என்பதே இந்தப் பக்கம் முழுவதும் ஓடும் கேள்வி. அது மாறிலிபோலத் தோன்றி, வழியில் ஓர் இடத்தில் படியேறி நிற்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

"கணிதம் ஒன்றுதான், விதிகளும் ஒன்றுதான். அப்படியிருக்க மென்பொருள்கள் ஏன் ஒரே விடையைத் தருவதில்லை?"

வகையிடலுக்கு ஒரே வழிதான் உண்டு: விதிகளை வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் விடை வந்துவிடும். தொகையிடலுக்கு அப்படி ஒரே பாதை கிடையாது. ஒரு மென்பொருள் முதலில் பாடப்புத்தக முறைகளையும் பிரதியிடல்களையும் முயன்று பார்க்கும். இன்னொன்று 1960-களின் இறுதியில் ராபர்ட் ரிஷ் உருவாக்கிய படிமுறையை நேரடியாகக் கையில் எடுக்கும். வேறொன்று வாய்பாடுகளின் பெரிய தொகுப்பில் பொருத்தமானதைத் தேடும். எந்த வழியில் போனதோ அந்த வழியின் தடம் விடையில் தெரியும். விடை கிடைத்தபின் அதைச் சுருக்கி எழுதும் பழக்கமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரே மென்பொருளின் இரு பதிப்புகள்கூட இதில் மாறுபடலாம்.

"இரண்டு விடைகளையும் எந்த முறையில் ஒப்பிட வேண்டும்?"

இரண்டையும் `F`, `G` என்று பெயரிட்டு, `D = F - G` என்று கழித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் இரண்டு வேறு சோதனைகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, `D`-இன் வகைக்கெழு பூஜ்யமா என்ற சோதனை. இது பூஜ்யமாகாவிட்டால் இரண்டில் ஒன்றேனும் தவறு. அப்போது `F`, `G` இரண்டையும் தனித்தனியே வகையிட்டு, மூலச் சார்புடன் ஒப்பிட்டு, தவறியது எது என்று கண்டுபிடிக்கலாம். இரண்டாவது, `D` எல்லா இடத்திலும் ஒரே மதிப்புடையதா என்ற சோதனை. முதல் சோதனையில் தேறிய விடைகளை இரண்டாவதில் வைத்துப் பார்க்காமல் விடுவதுதான் நடைமுறையில் நான் அதிகம் காணும் பிழை. ஒரு காலத்தில் நானும் முதல் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, எதிர்மறையான பரப்பளவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் விழித்திருக்கிறேன்.

"கழித்ததை `simplify` செய்தேன். 0 என்று வரவில்லை, மாறிலியாகவும் வரவில்லை. அப்படியானால் விடைகள் வேறுதானே?"

அப்படி முடிவு கட்ட முடியாது. `simplify` என்பது சில முற்றொருமைகளை முயன்று பார்க்கும் ஒரு கருவி மட்டுமே. அது 0 என்று சொன்னால் நம்பலாம், சொல்லாவிட்டால் எந்தத் தீர்ப்பும் இல்லை என்றே பொருள். இது மென்பொருளை எழுதியவர்களின் கவனக்குறைவு மட்டும் அன்று. விகிதமுறு எண்கள், `π`, `log 2`, மாறி `x`, இவற்றோடு அடுக்குக்குறிச் சார்பு, சைன், தனிமதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டப்படும் கோவை பூஜ்யமா என்று எப்போதும் தீர்மானிக்கக்கூடிய படிமுறை எதுவும் இருக்க முடியாது என்று டேனியல் ரிச்சர்ட்சன் 1968-இல் நிறுவினார்.

நடைமுறையில் இதற்கு ஒரு நல்ல மாற்று வழி உண்டு. `D`-ஐச் சுருக்குவதைவிட `D`-இன் வகைக்கெழுவைச் சுருக்குவது மிக எளிது. ஏனென்றால் வகையிடும்போது `atan`, `log` போன்றவை மறைந்து, அவற்றின் உள்ளே இருந்தவை மட்டுமே பின்னங்களாக எஞ்சும். எஞ்சியவற்றில் முக்கோணவியல் சார்புகள் இருந்தால் `t = tan(x/2)` என்று வைத்து, `sin x = 2t/(1+t^2)`, `cos x = (1-t^2)/(1+t^2)` என்று மாற்றிவிடலாம். அப்போது எல்லாமே `t`-இல் அமைந்த விகிதமுறு சார்பாகிவிடுகிறது. விகிதமுறு சார்பு பூஜ்யமா என்பதைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்து தொகுதியை விரித்தாலே ஐயமின்றிச் சொல்லிவிடலாம்.

"இரண்டு விடைகளின் வகைக்கெழுவும் ஒன்றுதான். ஆனால் வரைபடம் வரைந்தால் ஒன்று மேலே ஏறிக்கொண்டே போகிறது, மற்றொன்று பல்பல்லாக உடைந்து நிற்கிறது. இது எப்படி?"

இந்தக் கேள்விக்குத்தான் மிக விரிவான பதில் தேவை. `1/(2 + cos x)` என்ற சார்பை முழுவதுமாக எடுத்துப் பார்ப்போம். இது எங்கும் தொடர்ச்சியானது. பகுதி 1-க்குக் கீழே இறங்குவதில்லை. சார்பின் மதிப்பு எப்போதும் 1/3-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறது. ஆகவே இதன் தொகையீடு இடமிருந்து வலமாகத் தொடர்ந்து ஏறிக்கொண்டே போக வேண்டும்.

`t = tan(x/2)` பிரதியிடலைப் பயன்படுத்தும் மென்பொருள் தரும் விடை இது:

```
F = 2/sqrt(3) * atan( tan(x/2)/sqrt(3) )
```

வேறு வழியில் பெறப்படும் விடை இது:

```
G = x/sqrt(3) - 2/sqrt(3) * atan( sin(x)/(2 + sqrt(3) + cos(x)) )
```

முதல் சோதனையைக் கையாலேயே செய்யலாம். `F`-ஐ வகையிட்டால் `(1+t^2)/(3+t^2)` வருகிறது. மூலச் சார்பில் `cos x`-க்கு `(1-t^2)/(1+t^2)` என்று எழுதினாலும் அதே `(1+t^2)/(3+t^2)` தான் வருகிறது. `G`-க்கு `c = 2 + √3` என்று சுருக்கமாக வைத்துக்கொள்வோம். அதிலுள்ள `atan` உறுப்பின் வகைக்கெழு `(c cos x + 1)/(c^2 + 2c cos x + 1)`. இங்கே `c^2 + 1 = 4c` என்று அழகாக அமைவதால், பகுதி `2c(2 + cos x)` ஆகிறது. மீதியைச் சேர்த்தால் `G' = (1/√3)(2 - 1/c)/(2 + cos x)`. `1/c` என்பது `2 - √3` என்பதால் அடைப்புக்குள் இருப்பது `√3`, விடை `1/(2 + cos x)`. ஆக இரண்டும் முதல் சோதனையில் தேறிவிட்டன.

இப்போது இரண்டாவது சோதனை.

```python
from sympy import *
x = symbols('x', real=True)
F = 2/sqrt(3)*atan(tan(x/2)/sqrt(3))
G = x/sqrt(3) - 2/sqrt(3)*atan(sin(x)/(2+sqrt(3)+cos(x)))
for k in [-5, -2, 1, 3, 4, 6, 9, 10]:
    print(k, N((F - G).subs(x, k), 10))
```

`x`-இன் மதிப்பு -2, 1, 3 ஆகியவற்றில் வேறுபாடு பூஜ்யம் (சரியான 0-க்குப் பதிலாக மிகச்சிறிய ஓர் எண் அச்சாகலாம், அதைப் பூஜ்யமாகவே கொள்ளலாம்). 4, 6, 9 ஆகியவற்றில் வேறுபாடு -3.6276. 10-இல் -7.2552. -5-இல் +3.6276. வேறுபாடு எந்த இடத்திலும் மெதுவாக மாறவில்லை. `π`, `3π`, `-π` ஆகிய இடங்களில் மட்டும் ஒரே அளவில் குதிக்கிறது. அந்த அளவு `2π/√3`.

குதிப்பது எது என்று பார்த்தால், `F` தான். `x` என்பது `π`-ஐ இடப்பக்கத்திலிருந்து நெருங்கும்போது `tan(x/2)` நேர் முடிவிலிக்குப் போகிறது, `atan` ஆனது `π/2`-ஐ நெருங்குகிறது. `π`-ஐத் தாண்டிய உடனே `tan(x/2)` எதிர் முடிவிலியிலிருந்து தொடங்குகிறது, `atan` ஆனது `-π/2`-இலிருந்து தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையில் `π` அளவு பள்ளம். அதை `2/√3`-ஆல் பெருக்கினால் `2π/√3`. `G`-இலோ `atan`-க்குள் இருக்கும் பின்னத்தின் பகுதி `2 + √3 + cos x` ஒருபோதும் பூஜ்யமாகாது. அதனால் அது எங்கும் உடைவதில்லை.

வகைக்கெழு பூஜ்யமானால் சார்பு மாறிலி என்று நாம் படித்த தேற்றம் ஓர் இடைவெளிக்கு உரியது. அந்த இடைவெளி முழுவதும் சார்பு வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. `F` என்பது `π`-இல் வரையறுக்கப்படவே இல்லை. ஆகவே `D` ஆனது `(-π, π)`-இல் ஒரு மாறிலி, `(π, 3π)`-இல் வேறொரு மாறிலி. தேற்றம் பொய்க்கவில்லை, அதன் நிபந்தனையை நாம்தான் மறந்தோம்.

"மென்பொருள் எழுதியவர்களுக்கு இது தெரியாதா? ஏன் உடைந்த விடையைத் தருகிறார்கள்?"

நன்றாகவே தெரியும். ரிஷ் படிமுறையும் அதன் வழிவந்தவையும் இயற்கணிதத்துக்குள் நின்று வேலை செய்கின்றன. அங்கே சார்பு என்பது வரைபடம் அன்று. வகையிடல் விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஒரு குறியீடு. அந்த உலகில் மாறிலி என்றால் "வகையிட்டால் பூஜ்யம் வருவது" என்று மட்டுமே பொருள். மேற்கண்ட `D` படிக்கட்டுபோல இருந்தாலும், இயற்கணிதத்தின் கண்ணுக்கு அது ஒரே மாறிலிதான். படி எங்கே இருக்கிறது என்று கேட்க அந்த உலகில் "எங்கே" என்ற சொல்லே இல்லை.

இதைச் சரிசெய்யும் முயற்சிகள் உண்டு. சிம்பை மென்பொருளில் `integrate(1/(2+cos(x)), x)` என்று கேட்டால் இப்படிப்பட்ட விடை வருகிறது:

```
2*sqrt(3)*(atan(sqrt(3)*tan(x/2)/3) + pi*floor((x/2 - pi/2)/pi))/3
```

முதற்பார்வைக்குப் பயமுறுத்தும் அந்த `floor` உறுப்பு வேறு எதற்கும் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் `π` அளவு மண் போட்டு மேடாக்கவே சேர்க்கப்பட்டிருக்கிறது. வகையிட்டால் அது காணாமல் போய்விடும். `floor`-க்குள் இருப்பது `x = 0`-இல் -1/2 என்பதால் அங்கே இந்த விடையின் மதிப்பு 0 அன்று, -3.6276. எனவே இதையும் `G`-ஐயும் கழித்தால் எங்கும் `-2π/√3` என்ற ஒரே மாறிலி வரும். `π`, `3π` போன்ற புள்ளிகளில் மட்டும் `tan(x/2)` இன்னும் வரையறுக்கப்படாததால், அங்கே எல்லை மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாக்ஸிமா இதே தொகையீட்டை `tan(x/2)` இல்லாமல், `sin(x)/(cos(x)+1)` என்று எழுதித் தருகிறது. தோற்றம் மாறினாலும் இது `tan(x/2)`-இன் மறுவடிவமே. அதே புள்ளிகளில் அதே அளவில் உடைகிறது. விடையில் `tan` இல்லை என்பதற்காகத் தொடர்ச்சியானது என்று நம்பிவிடக் கூடாது. பார்க்க வேண்டியது, `atan`-க்குள் உள்ள பின்னத்தின் பகுதி எங்கே பூஜ்யமாகிறது என்பதை.

"இது வெறும் தோற்றப் பிரச்சினைதானே? கணக்கில் என்ன கெட்டுவிடும்?"

வரையறுத்த தொகையீட்டில் எல்லைகளைப் போடும்போது கெடும். 0 முதல் `2π` வரை எடுத்தால் `F(2π) - F(0)` பூஜ்யம். ஆனால் 1/3-க்குக் குறையாத ஒரு சார்பின் கீழுள்ள பரப்பு `2π` நீளத்தில் பூஜ்யமாக இருக்க வழியே இல்லை. `G(2π) - G(0)` தருவது `2π/√3`, அதாவது சுமார் 3.6276. 0 முதல் 4 வரை எடுத்தால் `F` தருவது -1.0398 என்ற எதிர்மறை எண். `G` தருவது 2.5878.

எது சரி என்பதற்கு எந்த மென்பொருளையும் நம்பத் தேவையில்லை. 0 முதல் `2π` வரையுள்ள தூரத்தை நான்காகப் பிரித்து, 0, `π/2`, `π`, `3π/2` ஆகிய இடங்களில் சார்பின் மதிப்புகளான 1/3, 1/2, 1, 1/2 ஆகியவற்றைக் கூட்டி `π/2`-ஆல் பெருக்கினால் 3.665 வருகிறது. எட்டாகப் பிரித்தால் 3.6278. காலமுறைச் சார்புகளுக்கு முழுக் காலத்தில் இந்தச் சரிவக விதி வியக்கத்தக்க வேகத்தில் நெருங்கும். தாளிலேயே நம்பகமான ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

`F` மட்டுமே கையில் இருந்தாலும் சரியான விடையைப் பெறலாம். இடைவெளியைப் பள்ளம் உள்ள இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒருபக்க எல்லை மதிப்பைப் பயன்படுத்த வேண்டும். 0 முதல் `π` வரை `F` ஏறுவது `π/√3`, `π` முதல் `2π` வரை ஏறுவதும் `π/√3`, கூட்டினால் `2π/√3`.

"எந்தெந்த எண்களைப் போட்டுச் சோதிப்பது? ஐந்தாறு எண்கள் போதுமா?"

எத்தனை எண்கள் என்பதைவிட அவை எங்கே இருக்கின்றன என்பதே முக்கியம். மேற்கண்ட சோதனையில் நான் 0-க்கும் 3-க்கும் இடையில் நூறு எண்களைப் போட்டிருந்தாலும் எல்லா இடத்திலும் பூஜ்யமே வந்திருக்கும், பள்ளம் கண்ணில் பட்டிருக்காது. ஆகவே முதலில் இரண்டு விடைகளையும் படித்து, அவை உடையக்கூடிய இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பகுதி பூஜ்யமாகும் இடங்கள், `log`-க்குள்ளும் வர்க்கமூலத்துக்குள்ளும் உள்ளவை குறி மாறும் இடங்கள், `tan` முடிவிலியாகும் இடங்கள். அந்த இடங்கள் எண்கோட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று எண்களேனும் வேண்டும். ஒரு துண்டுக்குள் எடுத்த எண்களில் `D` மாறினால் விடை தவறு. துண்டுக்குத் துண்டு மட்டும் மாறினால் அது படி.

படி இருப்பது எப்போதும் குற்றமன்று என்பதையும் சொல்ல வேண்டும். `x = π`-இல் நம் மூலச் சார்பின் மதிப்பு 1. அங்கே எந்தக் கோளாறும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் விடை குதித்தால் அது விடையின் குறை. ஆனால் மூலச் சார்பே முடிவிலிக்குப் போகும் இடத்தில், இருபக்கமும் வெவ்வேறு மாறிலி இருப்பது இயல்பு. `1/x`-இன் தொகையீட்டுக்கு நேர் பக்கத்தில் ஒரு C-யும் எதிர் பக்கத்தில் வேறொரு C-யும் வைத்தாலும் யாரும் தவறென்று சொல்ல முடியாது.

கணினியின் இயல்பான 16 இலக்கத் துல்லியத்தில், பெரிய எண்களைக் கழிக்கும்போது இலக்கங்கள் அழிந்து, பூஜ்யம் அல்லாத ஒரு மிச்சம் தெரியலாம். ஐயம் இருந்தால் 30 இலக்கத்தில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் போதும். உண்மையான வேறுபாடு நிற்கும், போலியானது இன்னும் சிறியதாகும்.

"வேறுபாடு `I*pi/2` என்று கலப்பெண்ணாக வருகிறது. மெய்யெண் சார்பைத்தானே தொகையிட்டேன்?"

நாம் `log|x|` என்று எழுதுமிடத்தில் பெரும்பாலான மென்பொருள்கள் தனிமதிப்புக் குறியின்றி `log(x)` என்றே எழுதுகின்றன. கலப்பெண் தளத்தில் `1/x`-இன் தொகையீடு அதுதான் என்பதால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. எதிர்மறை எண்ணின் மடக்கை, முதன்மை மதிப்பின்படி, அதன் அளவின் மடக்கையோடு `iπ` சேர்ந்தது. `iπ` ஒரு மாறிலிதானே.

`sec x`-க்குப் பாடப்புத்தகம் `log|sec x + tan x|` என்கிறது. சிம்பை தருவது `log(sin(x) + 1)/2 - log(sin(x) - 1)/2`. `sin x - 1` ஒருபோதும் நேர்மறையாகாது. ஆகவே சார்பு வரையறுக்கப்பட்ட எல்லா இடத்திலும் வேறுபாடு `iπ/2` என்ற அளவிலேயே நிற்கிறது. எல்லைகளைப் போட்டுக் கழிக்கும்போது அது மறைந்துவிடும்.

`1/(x^2 - 1)` சற்று வேறு. `log(x-1)/2 - log(x+1)/2` என்ற விடையை `log|(x-1)/(x+1)|/2` என்பதோடு ஒப்பிட்டால், `x > 1` எனும்போது வேறுபாடு பூஜ்யம். `x < -1` எனும்போது இரண்டு மடக்கைகளிலும் `iπ` வந்து ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் அங்கேயும் பூஜ்யம். நடுவில், -1-க்கும் 1-க்கும் இடையில் மட்டும் `iπ/2`. படிகள் விழும் இடங்கள் -1, 1 இரண்டுமே மூலச் சார்பு முடிவிலிக்குப் போகும் இடங்கள் என்பதால் இங்கே எந்தக் குறையும் இல்லை. கலப்பெண் கண்ணில் பட்டதும் விடை தவறு என்று பதறத் தேவையில்லை. அது துண்டுக்குள் மாறாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

"`x^n`-ஐத் தொகையிட்டால் ஒன்று நேராக விடை தருகிறது, ஒன்று கிளைகளாகப் பிரிக்கிறது, மற்றொன்று என்னிடமே கேள்வி கேட்கிறது. எதை நம்புவது?"

`n = -1` என்ற ஒரு மதிப்பை மூன்றும் மூன்று விதமாகக் கையாள்கின்றன. மேத்தமேட்டிகா அதைத் தனி விதிவிலக்காக விட்டுவிட்டுப் பொது விடையான `x^(n+1)/(n+1)`-ஐத் தருகிறது. சிம்பை இரண்டு கிளைகளாக எழுதுகிறது. மாக்ஸிமா `n` என்பது -1-க்குச் சமமா என்று கேட்டுவிட்டுத் தொடர்கிறது. மூன்றும் பொருந்துகின்றன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. `x`-ஐப் பொறுத்தவரை மாறிலி என்றால் அதற்குள் `n` இருக்கலாம். `(x^(n+1) - 1)/(n+1)` என்பதும் சரியான விடையே, வேறுபாடு `1/(n+1)`. இந்த வடிவத்தில் `n`-ஐ -1-க்கு நெருக்கினால் `log x` தானாகவே வந்து நிற்கும். மேலே உள்ள பொது விடையிலோ முடிவிலிதான் வரும். ஆகவே `n`-க்கு எண் போட்டபின் ஒப்பிடுவதும், `n`-ஐ எழுத்தாகவே வைத்து ஒப்பிடுவதும் ஒன்றன்று.

"இரண்டு விடையிலும் நீள்வட்டத் தொகையீட்டுச் சார்பு வருகிறது, பெயரும் ஒன்றுதான். எண்களைப் போட்டால் மட்டும் ஒத்துவரவில்லை."

பெயரை நம்பாமல் ஆவணத்தில் அதன் வரையறையைப் பாருங்கள். மேத்தமேட்டிகாவின் `EllipticF[φ, m]` முதலில் கோணத்தையும் அடுத்து `m` என்ற அளவையும் எடுத்துக்கொள்கிறது. மேப்பிளின் `EllipticF(z, k)` முதலில் அந்தக் கோணத்தின் சைன் மதிப்பையும், அடுத்து `k`-ஐயும் எடுத்துக்கொள்கிறது, `m = k^2`. ஒன்றின் விடையை அப்படியே மற்றொன்றில் ஒட்டினால், பிழைச்செய்தி எதுவும் வராமல் வேறு எண் வரும். `m = 1/4` என்று இருந்த இடத்தில் `k = 1/2` என்று மாற்றி எழுதியபின்தான் ஒப்பீட்டையே தொடங்க வேண்டும்.

"எல்லாச் சோதனையும் செய்துவிட்டேன், இரண்டும் சரி. எந்த வடிவத்தை வைத்துக்கொள்வது?"

அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்லைகளைப் போடுவதாக இருந்தால், அந்த எல்லைகளுக்கு இடையில் உடையாத வடிவமே வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது `G`. எல்லைகள் இரண்டும் `-π`-க்கும் `π`-க்கும் உள்ளேயே அடங்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், `F` எழுதுவதற்குச் சிறியது, அந்த இடைவெளியில் குறையற்றது. அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பக்கத்திலேயே `-π < x < π` என்ற நிபந்தனையையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோவையை வேறொரு கணக்குக்கு எடுப்பவர் நீங்களாகவே இருந்தாலும், அந்த நிபந்தனை இல்லாமல் `2π`-ஐப் போட்டுப் பூஜ்யத்தைப் பெறுவார்.